கட்டுவிரியனா, வரையனா? தோட்டத்துப் படத்தில் எதைப் பார்ப்பது

கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை என்று பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே தோப்பு வைத்திருப்பவர்களின் போனில் ஒரு பாம்புப் படமாவது இருக்கும். பெரும்பாலும் இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், தள்ளி நின்று எடுத்த படம். கருப்பு உடம்பு, குறுக்கே வெள்ளைக் கோடுகள். அதைப் பார்க்கிற நாலு பேரில் இரண்டு பேர் கட்டுவிரியன் என்பார்கள், இரண்டு பேர் வெறும் வரையன் என்பார்கள். மலையாளம் பேசுகிற பக்கத்துத் தோப்புக்காரர் முதலாவதை வெள்ளிக்கெட்டன் என்றும் இரண்டாவதை வெள்ளிவரையன் என்றும் சொல்வார். பெயர்களைப் போலவே பாம்புகளும் ஒன்றையொன்று நெருங்கித்தான் இருக்கின்றன.

இந்தியாவில் மனிதர்களை அதிகம் கொல்லும் நான்கு நச்சுப் பாம்புகளில் ஒன்று கட்டுவிரியன். எங்கள் ஊரில் எட்டடி விரியன் என்றும் சொல்வதுண்டு. வெள்ளிக்கோல் வரையனுக்கு மனிதரைப் பாதிக்கும் நஞ்சு கிடையாது. வீட்டுச் சுவரில் ஏறிப் பல்லி பிடித்துத் தின்று பிழைக்கும் சின்னப் பாம்பு அது. இந்த இரண்டை மட்டும் ஒரு படத்தில் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் போதும், பாதிப் பயமும் பாதி ஆபத்தும் குறைந்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்த ஜோடியைப் பற்றித்தான். கண்ணாடி விரியனையும் மண்ணுளியையும் கடைசியில் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகிறேன்.

தலையிலிருந்து தொடங்காதீர்கள்

"தலை முக்கோணமா இருந்தா விஷம், நீளமா இருந்தா விஷமில்லை" என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்போம். விரியன் குடும்பத்துப் பாம்புகளுக்கு இது ஓரளவு சரி. கண்ணாடி விரியனின் நச்சுச் சுரப்பிகள் கண்ணுக்குப் பின்னால் புடைத்து நிற்பதால் தலை அகன்றும் கழுத்து ஒடுங்கியும் தெரியும். ஆனால் கட்டுவிரியன் பெயரில்தான் விரியன். அது நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. தலை கழுத்தைவிட மிகக் கொஞ்சமே அகலம், முனை மழுங்கியிருக்கும், கண் சிறியது, முழுக்கக் கருப்பு. முக்கோணத்தைத் தேடுகிறவர் கட்டுவிரியனைப் பார்த்து "சாதுவான தலை" என்றுதான் முடிவு கட்டுவார்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். பூனைப் பாம்புக்குத் தலை அகன்று, கழுத்து மெலிந்து, அசல் விரியன் மாதிரியே இருக்கும். அதன் லேசான நஞ்சு மனிதருக்கு ஆபத்தில்லை. பயந்துபோன தண்ணீர்ப் பாம்பு தாடையை அகட்டித் தலையை முக்கோணமாக்கிக் காட்டும். வெள்ளிக்கோல் வரையனின் தலையும் கட்டுவிரியனுடையதைவிடத் தட்டையாக, கழுத்திலிருந்து சற்றுப் பிரிந்து தெரியும். அதாவது முக்கோண விதியை இந்த ஜோடிக்குப் போட்டுப் பார்த்தால் விடை தலைகீழாக வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொந்தரவு செய்தால் கட்டுவிரியன் உடம்பைச் சுருட்டித் தலையைச் சுருளுக்கு அடியில் ஒளித்துக்கொள்ளும். தோட்டத்துப் படங்களில் பாதியில் தலையே இருக்காது. படத்தில் இல்லாத தலையைத் தேடிக்கொண்டு, "தலை தெரியிற மாதிரி ஒன்னு எடுத்து அனுப்புங்க" என்று யாரையும் கேட்கக் கூடாது. அது அவர்களைப் பாம்புக்குப் பக்கத்தில் தள்ளுகிற வேலை.

முதுகின் நடு வரிசை

சரி, பிறகு எங்கே பார்ப்பது? முதுகின் உச்சியில், தலையிலிருந்து வால் வரை முதுகெலும்பின் மேலே ஓடும் ஒற்றைச் செதில் வரிசையில்.

வெள்ளிக்கோல் வரையனின் உடம்பில் இந்த வரிசைக்குத் தனி அடையாளம் எதுவும் இல்லை. நடுச் செதிலும் அதன் இரு பக்கத்துச் செதில்களும் ஒரே அளவு, ஒரே சாய்சதுர வடிவம். கட்டுவிரியனில் அப்படி இல்லை. நடு வரிசைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடத் தெளிவாகப் பெரியவை, தேன்கூட்டு அறை போல ஆறு பக்கம் கொண்டவை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதுகின் நடுவே அறுகோணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்பது தெரியும். ஒருமுறை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே பிடிபட்டுவிடும்.

இந்த அடையாளத்தை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நிறம் மாறும், கோடு மங்கும், தலை மறைந்துகொள்ளும். இந்த வரிசை மட்டும் குட்டியிலும் இருக்கும், கிழட்டுப் பாம்பிலும் இருக்கும், கோடே இல்லாத கட்டுவிரியனிலும் இருக்கும். உடம்பில் ஒரு சாண் நீளம் முதுகுப் பக்கமாகத் தெரிந்தாலே போதும்.

இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, பெரிய நடுச் செதில் என்றாலே நஞ்சு என்று பொருள் அல்ல. கொம்பேறி மூக்கனுக்கும் நடு வரிசை பெரியதுதான், பூனைப் பாம்புக்கும் சற்றுப் பெரியது. ஆனால் கொம்பேறி மூக்கன் வெண்கலப் பழுப்பு நிறத்தில் மெலிந்து நீண்டு கிளையில் கிடக்கும். பூனைப் பாம்பு மண் நிறம். இரண்டும் கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட பாம்புகள் அல்ல. எனவே இந்தச் சோதனையை, "கருப்போ கரும்பழுப்போ உடம்பு, வெளிறிய குறுக்குக் கோடு" என்று தெரிந்த பாம்புக்கு மட்டும் போட வேண்டும். அங்கே அது அசையாத சாட்சி.

இரண்டாவது எல்லை வெளிச்சம். இரண்டு பாம்புக்கும் செதில் வழவழப்பானது. நேர் மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் முதுகின் உச்சியில்தான் வெள்ளைப் பளபளப்பு விழும். நாம் பார்க்க வேண்டிய வரிசை சரியாக அந்தப் பளபளப்புக்குள் மறைந்துபோகும். அப்படிப்பட்ட படத்தில் உடம்பு வளைகிற இடத்தைத் தேடுங்கள். வளைவில் வெளிச்சம் விழும் கோணம் மாறுவதால் நாலைந்து நடுச் செதிலாவது பளபளப்புக்கு வெளியே தெரிய வாய்ப்பு உண்டு.

இதைப் பழகுவதற்கு உயிருள்ள பாம்பு தேவையில்லை. தோப்பில், விறகுக் குவியலில், ஓட்டுக்கு இடையில் கிடக்கும் பாம்புச் சட்டையை எடுத்துக் கிழியாமல் விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் முழு அகலத்துக்கும் ஒரே செதிலாகப் படிக்கட்டு மாதிரி வந்தால் அது வயிறு. அதற்கு நேர் எதிரே இருப்பது முதுகின் நடு வரிசை. சட்டையில் வால் பகுதியின் அடிப்புறமும் பார்க்கக் கிடைக்கும். கட்டுவிரியனின் வாலடிச் செதில்கள் பிளவுபடாமல் ஒற்றை வரிசையாக இருக்கும். வரையனுடையவை நடுவில் பிரிந்து இரட்டையாக இருக்கும். படத்தில் இதைக் காண்பது அரிது, சட்டையில் எளிது. சட்டையில் நிறம் ஏறக்குறைய இருக்காது என்பதால், கோட்டை மறந்து செதிலை மட்டும் பார்க்கவும் கண் பழகும்.

கோடுகள் எங்கே தெளிவு, எங்கே மங்கல்

வெள்ளைக் கோட்டைப் பார்த்தவுடன் எண்ணத் தொடங்காதீர்கள். எண்ணிக்கையால் பயன் இல்லை. கோடு உடம்பின் எந்தப் பக்கத்தில் தெளிவு, எந்தப் பக்கத்தில் மங்கல் என்பதே கேள்வி.

வளர்ந்த கட்டுவிரியனில் தலைக்கு அடுத்த பகுதி பெரும்பாலும் வெறும் கருப்பு. அல்லது அங்கே கோட்டுக்குப் பதிலாக வெள்ளைப் புள்ளிகள் மட்டும் இருக்கும். கழுத்திலிருந்து தள்ளித்தான் கோடு தொடங்கும். வாலை நோக்கிப் போகப்போகத் தெளிவாகும். கோடுகள் மெல்லியவை, ஓரம் சீரானவை, பல இடங்களில் இரண்டிரண்டாக நெருங்கி நிற்கும்.

வரையனில் இது நேர் எதிர். கழுத்திலேயே வெள்ளையோ மஞ்சளோ ஒரு பட்டை இருக்கும், பெரும்பாலும் அதுதான் இருப்பதிலேயே அகலமானது. முன்னுடம்பில் கோடு பளிச்சென்று இருந்து, பின்னால் போகப்போக மங்கி, வாலருகே இல்லாமலே போய்விடலாம். ஒவ்வொரு கோடும் முதுகில் ஒற்றையாக வந்து, விலாப் பக்கம் இறங்கும்போது அகன்று கிளைவிடும். அடுத்தடுத்த கோடுகளின் கிளைகள் சேர்ந்து விலாவில் வலை பின்னியது போலத் தெரியும். உடம்பின் நிறமும் பெரும்பாலும் பழுப்பு. ஆனால் இருட்டில் போன் கேமரா பழுப்பைக் கருப்பாகக் காட்டும் என்பதால், இரவுப் படத்தில் நிறத்தை நான் நம்புவதே இல்லை.

இனி, இந்த விதி எங்கே காலை வாரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டுவிரியன் குட்டிகளில் கழுத்தருகிலிருந்தே கோடு தெளிவாக இருக்கக்கூடும். "கழுத்திலேயே கோடு, அதனால் வரையன்" என்று குட்டியைத் தவறாகத் தள்ளிவிட இடம் உண்டு. குட்டியின் நஞ்சும் நஞ்சுதான். அடுத்து, வரையன்களில் ஒன்றல்ல, பல இனங்கள் உண்டு. ஆனைமலையின் பெயரைத் தாங்கிய இனமே ஒன்று இருக்கிறது. மலையடிவாரத்தில் திருவாங்கூர் வரையன் கரிய உடம்பில் மஞ்சள் பட்டையோடு வரும். வறண்ட பக்கத்தில் இருக்கும் இன்னொரு வரையன் இனம் கட்டுவிரியனைப் போலவே நல்ல கருப்பு. இந்த இடங்களில் எல்லாம் கோட்டை வைத்துச் சந்தேகப்படலாம், தீர்ப்பை நடு வரிசைதான் சொல்ல வேண்டும்.

அளவு ஒரு பக்கம் மட்டும் உதவும். வரையன் பெரும்பாலும் இரண்டடியைத் தாண்டாது. மூன்றடிக்கு மேல் தெரிகிற வெள்ளைக்கோட்டுப் பாம்பைக் கட்டுவிரியன் என்றே எடுத்துக்கொள்ளலாம். சின்னதாக இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா இரவில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். தோட்டத்தில் தொட்டிக்கு அருகே அடுக்கிய தென்னமட்டை மேல் பாம்பு. முன்பகுதியும் தலையும் மட்டைக்கு அடியில். பின்பாதி மட்டும் வெளியே வளைந்து கிடந்தது.

"பக்கத்து வீட்டுச் சேட்டன் வரையன்னு சொல்றாருங்க தம்பி. குச்சியால தள்ளி விட்டரட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க்கா. யாரும் பக்கத்துல போகாதீங்க. லைட்ட போட்டு வெச்சு, தூரத்துலயே நின்னு அது எங்க போகுதுன்னு மட்டும் பாத்துக்கங்க. இதே படத்தை டாக்குமென்டா அனுப்புங்க" என்றேன். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், செதில் எல்லாம் கரைந்து ஒரே மெழுகாகிவிடும். அதே படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்தபடியே வரும்.

முழு அளவுப் படம் வந்ததும் முதலில் பார்த்தது கோட்டின் போக்கை. வால் நுனிக்கு அருகில் கோடுகள் நல்ல தெளிவு. இரண்டு மூன்று இடங்களில் ஜோடியாக இருந்தன. மட்டைக்குள் நுழைகிற இடத்தை நெருங்கும்போது கோடு மெலிந்து, ஒரு இடத்தில் அறுந்து, இரண்டு புள்ளியாக நின்றது. வரையனாக இருந்தால் இந்தப் போக்கு தலைகீழாக இருந்திருக்க வேண்டும். விலாவில் கிளை விரிவதும் தெரியவில்லை.

அடுத்து நடு வரிசை. உடம்பின் நீளவாக்கில் பளபளப்பு ஓடி வரிசையை மறைத்திருந்தது. வால் பக்கம் ஒரு வளைவில் மட்டும் வெளிச்சம் விலகியிருந்தது. அங்கே பெரிதாக்கியதும் அறுகோணச் செதில்கள் தொடர்ந்து தெரிந்தன. பக்கத்துச் செதிலோடு ஒப்பிட்டால் அகலம் அதிகம் என்பதில் ஐயமே இல்லை. மட்டையின் அகலத்தை வைத்துப் பார்த்தால் வெளியே தெரிந்த உடம்பே ஒன்றரை அடிக்கு மேல் இருந்தது. உள்ளே இருப்பதையும் சேர்த்தால் வரையனின் அளவைத் தாண்டிவிடும்.

மூன்றும் ஒரே பக்கம் நின்றன. "கட்டுவிரியன்தாங்க்கா. சர்ப்பா ஆப்ல ஆளக் கூப்பிடுங்க" என்றேன். கேரள வனத்துறை 2020ல் கொண்டுவந்த செயலி அது, அதன் வழியாகப் பயிற்சி பெற்ற மீட்பாளர்களைக் கூப்பிடலாம். வந்தவர் பையில் பிடித்துக்கொண்டு போனார். அந்தச் சேட்டனும் பொய் சொல்லவில்லை. வீட்டுச் சுவரில் அவர் வழக்கமாகப் பார்ப்பது வரையனைத்தான். அந்தப் பழக்கத்திலேயே இதையும் வரையன் என்று நினைத்திருக்கிறார்.

விரியனும் மண்ணுளியும்

தலை வடிவமும் உடல் குறியும் உண்மையிலேயே முன்னால் வந்து உதவுகிற ஜோடி கண்ணாடி விரியனும் மண்ணுளியும். மலையாளத்தில் அணலி, சேனத்தண்டன் என்பது கண்ணாடி விரியனைத்தான். அதன் முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாக ஓடும். நடுவில் ஒன்று, விலாவுக்கு ஒன்று. ஒவ்வொரு புள்ளியும் நடுவில் கரும்பழுப்பு, சுற்றிக் கருப்பு வளையம், அதற்கு வெளியே பல சமயம் வெள்ளை ஓரம். மண்ணுளியின் திட்டுகளுக்கு ஒழுங்கு கிடையாது. ஒன்றோடொன்று ஒட்டி, கோணல்மாணலாக, ஓரக் கோடு இல்லாமல் கிடக்கும்.

தலையில் விரியனுக்குக் கழுத்து தெளிவாக ஒடுங்கும், மண்ணுளிக்குக் கழுத்தே இல்லாத மாதிரி உடம்பு அப்படியே தலையாகிவிடும். வாலைப் பார்ப்பது இன்னும் சுலபம். விரியனின் வால் கூர்ந்து முடியும், மண்ணுளியின் வால் குட்டையாக இருக்கும். இங்கே செதிலைப் பெரிதும் நம்ப முடியாது, ஏனென்றால் விரியனின் செதிலும் சொரசொரப்பு, இந்த மண்ணுளியின் வால் பக்கச் செதிலும் சொரசொரப்பு. மலைப்பாம்புக் குட்டியையும் இதே குழப்பத்தில் அடித்துக் கொல்கிறார்கள். அதன் உடம்பு வழவழப்பாக மின்னும், திட்டுகள் பெரியவை, சீரற்றவை, தலையின் மேல் அம்பு முனை போல ஒரு குறி இருக்கும்.

படம் எடுக்கும்போதும், முடிவு தெரியாதபோதும்

மூன்று மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நின்று ஜூம் போட்டு எடுங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் செதில் நன்றாகப் பிரிந்து தெரியும். முழு உடம்பும் வரும்படி ஒன்று, முதுகு தெரிகிற பகுதியை மட்டும் பெரிதாக்கி ஒன்று போதும். பக்கத்தில் அளவு தெரிந்த ஏதாவது, ஓடோ மட்டையோ செங்கலோ, படத்துக்குள் வந்தால் நல்லது. அதற்காக எதையும் கொண்டுபோய் அருகில் வைக்க வேண்டாம்.

சில படங்களில் எவ்வளவு பார்த்தாலும் நடு வரிசை தெரியாது, கோட்டின் போக்கும் பிடிபடாது. அப்போது "தெரியவில்லை, கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் சரியான பதில். வரையனைக் கட்டுவிரியன் என்று சொன்னால் மீட்பாளருக்கு ஒரு வீண் நடை. கட்டுவிரியனை வரையன் என்று சொன்னால் ஒருவர் அதைக் குச்சியால் தள்ளப் போவார்.

கடித்துவிட்டால் இந்தக் கட்டுரையில் சொன்ன எதையும் செய்ய வேண்டாம். கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் இல்லாமலே இருக்கலாம், பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி வரலாம், கண் இமை தொங்கலாம், விழுங்க முடியாமல் போகலாம், பிறகு மூச்சும் நின்றுபோகலாம். "வலிக்கவில்லை, வரையனாகத்தான் இருக்கும்" என்று விடியும்வரை காத்திருந்தவர்களைத்தான் இந்தப் பாம்பு கொல்கிறது. இங்கே கொடுக்கும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. எனவே மருத்துவருக்குப் பாம்பின் பெயர் தெரியாவிட்டாலும் அறிகுறியைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்க முடியும். ஏற்கெனவே எடுத்த படம் கையில் இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் படம் எடுக்கத் திரும்பிப் போகாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு, நஞ்சுமுறியும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள்.